சைவக் கல்

எங்கள் மாடியில் எதிர்க்கதவு சிவக்கொழுந்து அக்காவுடையது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த கட்டடம். ஆறு வருஷமாக அக்காவும் நானும் கதைக்காத நாளில்லை. ஆனால் என் வீட்டில் அவர் வாழைப்பழம் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. அவர் சுத்த சைவம். என் குசினியில் மாட்டிறைச்சி கொதிக்காத கிழமை இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அது மனக்குறைதான்.

போன மாதம் அவர் குசினிக்கு டைல்ஸ் மாற்ற ஆட்கள் வந்தார்கள். சட்டி பானையெல்லாம் கட்டி அறையில் வைத்துவிட்டு, பாவம், அடுப்பில்லாமல் கடையில் வாங்கிய பாணும் பழமும் சாப்பிட்டுக் கிடந்தார்.

"அக்கா, உங்களுக்கெண்டே புதுசா ஒரு தோசைக்கல் வாங்குறேன். இறைச்சிப் பக்கமே போகாது. சனிக்கிழமை காலையில வாங்க."

சற்று யோசித்தார். "ஓம், வாறன் லுத்பியா."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புறக்கோட்டையில் இரும்புக் கல் வாங்கினேன். துருப்பிடிக்காமல் கடையில் பூசியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கினேன். நல்லெண்ணெய் தடவி, தடவியதே தெரியாதபடி துணியால் துடைத்தெடுத்தேன். தடிப்பாய் நின்றால் பிசின் மாதிரி ஒட்டும். பிறகு புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பவும் அதே வேலை. வியாழன் முழுக்க இதுதான். கல் நல்ல கறுப்புக்கு வந்ததும் வெள்ளிக்கிழமை நிம்மதியாகக் கல்கிசையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒத்திகைக்கு ஒரு தோசை ஊற்றினேன். ஓரம் தானாகவே எழும்பி வந்தது. என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மணம் மூக்கில் ஏறியது. நல்லெண்ணெய் அப்படி மணக்காது.

என் கணவர் நிஸாம் வாசலில் நின்று சிரித்தார்.

"கல்லுல என்னத்தப் பூசினீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து நீங்க தங்கச்சி வீட்ட போன நேரம் கல்லக் கழுவி ஜன்னலோரம் வச்சேன். கடக்காத்துல ஈரத்தோட இருந்து துருப் புடிச்சிரிச்சி. நீங்க ஏசுவீங்கண்டு கம்பிநார் போட்டுத் தேச்சி, ஷிராஸ்ட கடையில கொஞ்சம் கொழுப்பு வாங்கிப் பூசிச் சுட்டேன். பாருங்களேன், தோசை என்ன மாதிரி வருது!"

"மாட்டுக் கொழுப்பா?"

"பின்ன? இறைச்சிக் கடையில பாமெண்ணெயா தருவாங்க?"

நான் ஏசிய ஏச்சு அங்கே பஸ் ஓடும் காலி வீதிக்கே கேட்டிருக்கும். மனிதன் ஒரு நாள் கைகட்டிச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

சொல்லாமல் விட்டால் அக்காவுக்குத் தெரியவா போகிறது? அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். உடனே கல்லைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். பெரிய நெருப்பில் புகை நிற்கும்வரை எரித்தேன். சாம்பல் நிறமாகும்வரை தேய்த்தேன். அவசரத்துக்கு ஒருதடவை நல்லெண்ணெய் பூசிச் சுட்டேன். அது எங்கே காணும்? தோசை ஒட்டிப்பிடித்தது. அகப்பையால் சுரண்டியதில் பிய்ந்து துண்டு துண்டாய் வந்தது.

கதவு தட்டப்பட்டது. அக்கா தலைக்குக் குளித்து, நீறு பூசி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கல்லையும் பிய்ந்த தோசையையும் பார்த்தார்.

"இந்தக் கல்லிலை நான் சாப்பிட மாட்டன் பிள்ளை. குறை நினைக்காதையும்."

திரும்பிப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நிஸாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தை ஒரு துண்டுக் கொழுப்பில் தொலைத்தேன் என்று குசினித் தரையில் இருந்துவிட்டேன்.

மறுபடி கதவு தட்டப்பட்டது. அக்காவின் கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஏதோ இருந்தது. பிரித்தார். கரிய, பளபளத்த தோசைக்கல். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் பாவிப்பது. கட்டி வைத்திருந்த சாமான்களுக்குள் தேடி எடுத்திருக்கிறார். தானே என் அடுப்பில் வைத்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்.

"ஊத்தும்."

ஊற்றினேன். ஒட்டாமல் வந்தது. என் சட்னியோடு மூன்று தோசை சாப்பிட்டார். நாலாவதைக் கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டபின் அவசரமாய்க் கல்லைப் பேப்பரில் சுற்றப் போனேன். கையைப் பிடித்தார்.

"சூட்டோடை துடைச்சு, எண்ணெய் பூசி அலுமாரிக்குள்ளை வையும். இது இனி இஞ்சை இருக்கட்டும்."

"அக்கா, டைல்ஸ் வேல முடிஞ்சா உங்களுக்குத் தேவைப்படுமே? இறைச்சி சமைக்கிற வீடு வேற..."

"அதை மறைக்காமல் சொல்லுற வீடும்தானே. எனக்கு வேறை கல் வாங்கலாம். சனிக்கிழமையிலை இனி நான் இஞ்சைதான்."