ஆறு தாளிலும் ஒரே t

திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கும் தாட்சாயணி, திருத்திய மிட் தேர்வுத் தாள்களில் ஆறை மட்டும் உருவி, பக்கத்து மேசை கமலக்கண்ணன் முன்னால் போட்டாள்.

கேள்வி சின்னதுதான். A ஓர் இரண்டுக்கு இரண்டு அணி; முதல் வரிசை 3, 1; அடுத்தது −1, 1. ஐகன் மதிப்பு 2, அதுவே இரண்டு முறை. e^(At) என்ன? அவளுடைய விடைக்குறிப்பில் e^(2t)(I + N). N என்பது A − 2I. அந்த ஆறு பேரும் e^(2t)(I + tN) என்று எழுதியிருந்தார்கள்.

"ஆறு பேரும் சத்தியவேடு பஸ்சுல வர்றவங்க சார். இந்தப் பாடம் நடத்தின அன்னிக்கு பஸ் வரல, ஆப்சென்ட். ஒருத்தன பாத்து ஒருத்தன் எழுதிக்கினு, தப்பையும் சேத்து எழுதியிருக்காங்க."

கமலக்கண்ணன் நிதானமாகப் பார்த்தார். "t-க்கு சைபர் போடுங்க மேடம். I தானே வரணும்? இவங்களுக்கு வருது. உங்களுக்கு I கூடவே ஒரு N நிக்குது."

தாட்சாயணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, N-ஐ N-ஆல் பெருக்கினாள். எல்லாம் சைபர். e^(tN)-இன் தொடர் I, tN என்ற இரண்டு உறுப்புகளோடு நின்றுவிட்டது. t அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"புஸ்தகத்த பாத்து அவங்களே படிச்சிருப்பாங்க," என்றார் கமலக்கண்ணன்.

அவள் ஆறு தாளிலும் முழு மதிப்பெண் போட்டாள். பிறகு, விடைக்குறிப்போடு அச்சு அசலாக ஒத்துப்போன ஐம்பத்திரண்டு தாள்களை இழுத்தாள். அத்தனை பேரும் பாடம் நடத்திய அன்றைக்கு அவள் வகுப்பில் கவனமாக உட்கார்ந்திருந்தவர்கள்.