நாற்பத்தோராவது பேச்சு

அக்காவின் நாலு நிமிஷப் பேச்சைத் தம்பி கேட்கவே இல்லை. கேட்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

நகரமைப்பு அலுவலகத்தில் அவன் சுருக்கம் எழுதுகிறவன். சாலை அகலப்படுத்தும் திட்டத்துக்கு நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஆதரவையும் எதிர்ப்பையும் வாதவாரியாகத் தொகுத்துக்கொண்டிருந்தான். நாற்பத்தோராவதாக ஒரு பழகிய தொண்டை கனைத்தது, அக்கா. வீட்டில் தினமும் ஓடுகிற ரேடியோதானே, தையல் கடை போகிறதே என்று அழுவாள், அவ்வளவுதான். தள்ளி ஓட்டிவிட்டு, 'எதிர்ப்பு: பிழைப்பு பாதிப்பு, பதினேழு பேர்' என்பதில் அக்காவையும் உட்காரவைத்தான்.

யார் எந்தத் தலைப்பில் என்ற பட்டியலோடு, பேசியவர்களுக்கெல்லாம் சுருக்கத்தின் வரைவு போயிற்று. திருத்தம் சொல்லக் கடைசி நாளில் அக்கா தாளோடு வந்து நின்றாள்.

"சார், என் கடைக்காக நான் எந்த நிமிஷத்துல அழுதேன்? காட்டுங்க."

அந்த 'சார்' செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் எதையோ தேடுகிற பாவனையில் குனிந்து சிரித்தார். அவன் ஹெட்போனை மாட்டி, நாற்பத்தோராவது பேச்சை ஓடவிட்டான்.

"ரோடு வரட்டும். என் கடையை எடுத்துக்குங்க, நான் வேற இடம் பாத்துக்கறேன். ஆனா ரோட்டை ரெண்டடி உயர்த்துறீங்க. பின்னாடி பள்ளத்துல முப்பது வீடு இருக்கு. மழைத்தண்ணி எங்க போகும்? அடியில குழாய் போடுற மாதிரி வரைபடத்துல காணோமே?"

அறுபத்திரண்டு பேர் பேசியதில் இதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சுருக்கத்தில் தனித் தலைப்பாக ஏறிய வாதத்துக்கு மட்டும்தான் சாலைப் பொறியாளர் எழுத்தில் பதில் தருவார். ஏறாவிட்டால் அந்த முப்பது வீட்டுக்கும் பதில் கிடையாது. காது மடல் சுட்டது. ஹெட்போன் மேல் பழி போட முடியவில்லை.

பதினேழைப் பதினாறாக்கினான். 'நிபந்தனையுடன் ஆதரவு: மழைநீர் வடிகால், ஒருவர்' என்று புதுத் தலைப்பு போட்டு, பதிவின் நேரத்தையும் குறித்து மேலதிகாரியிடம் நீட்டினான்.

"ஒரே ஆளுக்கு ஒரு தலைப்பா?" என்றார் அந்த அம்மா.

"வாதத்தைத்தானே மேடம் பிரிக்கறோம், ஆளையா? தப்பு என்னோடது. நான் கேக்காமலே எழுதிட்டேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவனை நன்றாகப் பார்த்தார். "திருத்தக் குறிப்புல அதையும் எழுது. உன் கையெழுத்தோட," என்று சொல்லி, பொறியாளருக்கு அனுப்பச் சொன்னார்.

எழுதினான். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அக்கா வராந்தா பெஞ்சில் காத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குழாய் விஷயத்தை வீட்டுலயே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சாப்பிட்டியாடா?"

"பேச்சை மாத்தாத. சொன்னா நான் கேக்கமாட்டேன்னு நினைச்சியா?"

அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

"ஆமாடா. மூணு தடவை சொன்னேன். நீ கேக்கல. அதனாலதான் மைக்ல போய்ப் பேசினேன்."