பிடித்துத் தைத்த வயது

சேவை மையத்துப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஐயாவுக்கு இன்னும் அறுபது ஆகலையேம்மா. பென்ஷன் வர நாலு வருஷம் இருக்கு."

பழவண்டிக்காரி சிரித்துவிட்டாள். "நல்லாப் பாரும்மா. எனக்கே அம்பத்தெட்டு. இவரு என்னைவிடச் சின்னவரா?"

"ஆதார் கார்டுல அம்பத்தாறுதான் இருக்கு."

அவள் புருஷனான தையல்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏங்க, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"இந்த பென்ஷன் திட்டத்துல சேரும்போது நாப்பது தாண்டியிருந்தா எடுக்க மாட்டோம்னாங்க. நாலு வருஷத்தைப் பிடிச்சுத் தைச்சுட்டேன். கார்டுலயும் அப்படியே ஏத்திட்டேன்."

"சட்டையா அது, பிடிச்சுத் தைக்க? என்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொன்னா விடுவியா நீ?"

அவருக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மாதாமாதம் விடாமல் கட்டினோமே, இனி பென்ஷன் சோறு போடும் என்று நம்பி, போன வாரம்தான் மெஷினை விற்று, உட்கார்ந்திருந்த படிக்கட்டோரத்தையும் செருப்பு தைப்பவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

"நிஜ வயசை எழுதித் தந்தா?" என்றாள் அவள்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்மா. அப்ப சேர்ந்ததே செல்லாதுன்னுடுவாங்க. நடுவுல விலகினாலும் நீங்க கட்டினதும் அதோட வட்டியும்தான் கைக்கு வரும். அரசாங்கம் சேர்த்துப் போட்ட பங்கு வராது. பென்ஷனும் கிடையாது. அறுபது வரைக்கும் கட்டிட்டா சாகறவரைக்கும் மாசாமாசம் வரும். அவருக்கு அப்புறம் உங்களுக்குப் பாதி."

"நடுவுல இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நீங்க தொடர்ந்து கட்டலாம். இல்ல, போட்டதை எடுத்துக்கலாம்."

தையல்காரர் மெல்லச் சொன்னார்: "எடுத்துரலாம். கண்ணு ஆபரேஷனுக்காவது ஆகும்."

"ஆபரேஷன் பெரியாஸ்பத்திரியில சும்மாவே செய்வாங்க. வரிசையில நிக்கணும், அவ்வளவுதான். ஆபரேஷன் முடிஞ்சா கண்ணு தெரியும், சரி. அப்புறம் வயித்துக்கு? என் வண்டி எத்தனை நாளைக்கு உருளும்?" அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "கட்டறோம்மா. அக்கவுண்ட்ல பணம் இல்லாம இந்த மாசம் பிடிக்கலையாமே, அபராதத்தோட எடுத்துக்க." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாளைக்குப் பழம் எடுக்க வைத்திருந்தது.

வெளியே வந்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு வருஷம் நான் தாங்குவேனாடி?"

"குறைச்சது நீங்கதானே? நீங்களே இருந்து கழிங்க."

மறுநாள் மண்டியில் கடனுக்குக் கிடைத்தது அடிபட்ட கொய்யாதான். வண்டியின் ஓரத்தில் அவரை நிறுத்தி, பையைக் கையில் கொடுத்தாள். "வாங்க வர்றவங்களுக்குப் பை வாயை விரிச்சுப் பிடிங்க. நான் போடறேன்."

முதல் கொய்யா பைக்கு வெளியே விழுந்தது. அவள் திட்டவில்லை. குனிந்து எடுத்து, துடைத்து, அவர் கையைப் பிடித்துப் பையின் வாயை நேராக்கினாள்.