செதில் எடை

மந்தாரக்குப்பத்தில் நம்பிக்கை கிலோ எழுநூறு ரூபாய். ஒரு கிலோ கொடுவா மீனுக்கு அதை முன்பே போனில் கட்டியிருந்தார், சுரங்க ஊழியர் சிங்காரவேல். முழு மீன் நிறுத்ததில் எண்ணூற்றெண்பது கிராம்தான். மீன்கடை அன்புக்கரசி எண்பத்துநான்கு ரூபாயைத் திருப்பியனுப்பி, சுத்தம்செய்து கொடுத்துவிட்டாள்.

அரைமணியில் அவரே வந்தார்.

"வூட்ல நிறுத்தேன், எழுநூத்தி நாப்பதுதாம்மா நிக்குது! எடை குறையுதுன்னு எங்க பிளாக் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன்."

அவள் வியாபாரத்தில் பாதி அந்தக் குடியிருப்பு பிளாக்தான். பலகையில் கிடந்த அவர் மீனின் குடலையும் செதிலையும் தராசில் அள்ளிவைத்தாள். நூற்று நாற்பது கிராம்.

"அறுக்கறதுக்கு முன்னாடிதாங்க நிறுப்போம். மீனு செதிலோடதான நீந்திகினு இருந்துச்சு? கிலோவுக்குக் குறைஞ்ச நூத்தி இருவது கிராமுக்குக் காசையும் அப்பவே அனுப்பிட்டேன், போனைப் பாருங்க."

பார்த்தார். "சரிம்மா," என்று திரும்பினார்.

கட்டியது எழுநூறு. மீன் அறுநூற்றுப் பதினாறு. திருப்பியது எண்பத்துநான்கு. குரூப்பில் அவர் போட வேண்டிய மறுப்பு, இன்னும் பாக்கி.