ரெண்டு மூலைதானா சார்?

எனக்குக் கோபம் வந்தா மூக்கு நுனி சிவந்துடும், ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ள நுழையும்போதே சிவந்துதான் இருந்தது. என் வகுப்புப் பொண்ணு ஓரமா நின்னு அழுதுட்டிருந்தா. அவ அம்மா கையில பேனா. "என் பொண்ணு பரீட்சையில காப்பியடிச்சா"ன்னு எழுதின காகிதத்துல கையெழுத்துப் போடணுமாம். போட்டா டிசி வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"கொஞ்சம் பொறுங்கம்மா"ன்னு பேனாவை வாங்கி மேஜை மேல வச்சேன்.

பக்கத்துல நின்ன கணக்கு சாருக்குச் சுருக்குன்னுச்சு. "பதினாலு சென்டிமீட்டர் சதுரம். உள்ளே நாலு பக்கத்தையும் தொடுற வட்டம். நிழலடிச்ச மூலைங்களோட பரப்பளவு நாப்பத்திரெண்டு. கடைசி பெஞ்சுல மூணு பேரும் இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்காங்க. மத்த ரெண்டும் நல்லா படிக்கிற பொண்ணுங்க. இவதான் அவங்களைப் பார்த்து எழுதியிருக்கணும்."

நல்லா படிக்கிற ரெண்டு பேருக்கும் அதே தப்பு ஏன் வந்ததுன்னு மனுஷன் ஒரு நிமிஷம் யோசிக்கல. சுமாரா படிக்கிறவ தலையில போட்டுட்டா முடிஞ்சது ஜோலி. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

விடைத்தாளைப் பிடுங்காத குறையா வாங்கிப் பார்த்தேன். சதுரம் நூத்தித் தொண்ணூத்தாறு, வட்டம் நூத்தி ஐம்பத்தி நாலு, மிச்சம் நாப்பத்திரெண்டு. அடுத்த வரியில அதை நாலால வகுத்து, மூலைக்குப் பத்தரைன்னு போட்டிருந்தா. அதை ரெண்டால பெருக்கி இருபத்தொண்ணு. சார் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சுழிச்சிருக்கார்.

"கேள்வித்தாள் இருக்கா கண்ணு?"

பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தா. படத்துல மேல் மூலை ரெண்டும் கறுப்பு. கீழ் மூலை ரெண்டும் வெள்ளை வெளேர்னு இருந்தது. அதுக்குக் கீழே பக்க எண்கூட பாதிதான் விழுந்திருந்தது. ஜெராக்ஸ் மெஷின்ல மை தீர்ற நேரத்துல எடுத்த பிரதிங்க, கடைசி பெஞ்சு மூணு பேருக்கும் போயிருக்கு.

ஹெட்மாஸ்டர் ரெண்டு தாளையும் வாங்கிப் பார்த்துட்டு, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டார்.

"சரி சரி, மார்க்கைப் போட்டுடலாம்"னு சார் மழுப்பினார். அதோட விட்டாரா? "சந்தேகம் இருந்தா என்கிட்ட கேட்டிருக்க வேண்டியதுதானே?"

பொண்ணு மூக்கை உறிஞ்சினா. "கேட்டேன் சார். ரெண்டு மூலைதானா சார்னு. 'கண்ணு தெரியுதுல்ல, இருக்கிறதைப் பார்த்துப் போடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

சாருக்கு முகம் செத்துப்போச்சு. எனக்குப் பாவமா இல்ல.

"அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேட்கிற வரைக்கும் நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்"னேன்.

வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "சத்தமா சொல்லுங்க"ன்னேன். சொன்னார்.

அந்த அம்மா அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியல. "நான் காப்பியடிக்கலம்மான்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா டீச்சர். கேட் வாசல்ல வச்சு ரெண்டு அறை விட்டேன்"னாங்க.

கன்னத்தைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டினாங்க. பொண்ணு சட்டுன்னு ஒரு எட்டு பின்னால நகர்ந்துட்டா.