ஒன்பது ஆறாகும்போது

வங்கியில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். பணம் கட்ட வருகிறவர்கள் பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் அவன் வரிசையில்தான் போய் நிற்பார்கள். இடது கை சீட்டைப் புரட்டும், கண் சீட்டிலேயே இருக்கும், வலது கை எண்பலகையின் மேல் தன்பாட்டுக்கு ஓடும். அந்தக் கையை அவன் பார்த்ததே இல்லை. ஐந்தாம் எண்ணின் மேல் இருக்கிற சின்ன மேட்டை நடுவிரல் தொட்டுவிட்டால் போதும், மற்ற விரல்களுக்கு அவையவற்றின் வீடு தெரியும். ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, நான்கு, ஏழு. நடுவிரலுக்கு இரண்டு, ஐந்து, எட்டு. மோதிர விரலுக்கு மூன்று, ஆறு, ஒன்பது, அதோடு புள்ளியும். பூஜ்யத்தைக் கட்டை விரலும் என்டரைச் சுண்டு விரலும் பார்த்துக்கொள்ளும்.

அவன் மனைவி ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அவளும் பார்க்காமல் அடிக்கிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் இருவருக்கும் போட்டி நடக்கும். கடையிலிருந்து அவள் கொண்டுவரும் பழைய பில்களில் ஒரு கட்டை எடுத்து, ஒருவர் வீட்டுக் கணினியில் கூட்டல் போட மற்றவர் கைப்பேசியில் நேரம் பார்ப்பார். தோற்றவர் டீ போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க கைக்கு மட்டும் தனியா மோட்டார் வச்சிருக்காங்களா?" என்பாள்.

"வேகம் இல்லம்மா, தாளம். நீ ஈசியான நம்பர் வந்தா பறக்கிற, கஷ்டமான நம்பர் வந்தா நிக்கிற. எல்லாத்தையும் ஒரே நடையில நடந்து பாரு."

"நடந்து நடந்து அடுப்படிக்குத்தான் போறேன்."

அந்த மழைக்காலத்தில் வங்கியில் அவன் வேலையில் தப்பு வர ஆரம்பித்தது. முதல் இரண்டு மூன்று முறை அவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டான். எண்பலகையில்தான் கோளாறு, ஒன்பது சரியாக விழவில்லை என்று புகார் கொடுத்தான். கணினி பழுதுபார்ப்பவர் வந்து எல்லா விசையையும் அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"உங்க கைக்கு நல்லாத்தான் இருக்கும். எனக்கு மாட்டுதே."

அவர் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அதிலும் அப்படியே. ஒருநாள் ஒரு தையல்காரர் கட்டிய பணம் வேறு யாருடைய கணக்கிலோ போய்விட்டது. கணக்கு எண்ணில் ஒரு ஒன்பது ஆறாக விழுந்திருந்தது. அப்படி ஒரு கணக்கும் இருந்துதொலைத்தது. எண்ணை அடித்ததும் திரையில் கணக்குக்காரர் பெயர் வரும். அதைச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். அவன் ஒப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் விரல் அவனை ஏமாற்றியதே இல்லை என்பதால் அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

சாயங்காலமே பணத்தைத் திருப்பியாயிற்று. மேனேஜரம்மா கோபிக்கவில்லை. "வீட்டுல ஏதாவது பிரச்சினையா? ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க," என்றார். கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அவன் இதை வீட்டில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பில் கட்டு மேஜைக்கு வந்தது. அவன் முதலில் அடித்தான், பிறகு அவள். கைப்பேசியைப் பார்த்துவிட்டு அவள் கைதட்டிக் குதித்தாள்.

"ஜெயிச்சிட்டேன்! போங்க, போய் டீ போடுங்க. இஞ்சி தட்டிப் போடுங்க."

அவன் எழுந்து போனான். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கூட்டலையும் வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போகவில்லை. தன்னுடையதுதான் தப்பாக இருக்கும் என்று நினைத்து, பில்லையும் திரையையும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். அவளுடையது சரி. அவனுடையதில் பல இடத்தில் தப்பு. எல்லாமே ஒரே மாதிரித் தப்பு. ஏழும் எட்டும் ஒழுங்காக விழுந்திருந்தன. ஒன்பது வருகிற இடத்தில் மட்டும் ஆறு.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போக மோதிர விரல் எழும்பி மேலே நீள வேண்டும். அந்த விரல் எழும்பவில்லை, இருந்த இடத்திலேயே அழுத்திவிட்டு வந்திருக்கிறது.

அவன் இரண்டு டம்ளரோடு வந்தான். அவள் வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ஏங்க, கையை மேஜையில விரிச்சு வைங்க. ரெண்டு கையையும்."

"என்ன, ஜோசியமா?"

"வைங்களேன்."

வைத்தான்.

"மோதிர விரலை மட்டும் தூக்குங்க."

"அது யாருக்கும் சுலபமா தூக்க வராதும்மா. அந்த விரல் பொறந்ததுலேர்ந்தே சோம்பேறி."

"தெரியும். எனக்கும் கொஞ்சந்தான் வருது. நீங்க தூக்குங்க."

இடது கையில் அந்தச் சோம்பேறி விரல் நூலளவு எழுந்தது. வலது கையில் அசையவே இல்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். விரல் எழுவதற்குப் பதிலாக, முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஏதோ தனியாகத் துள்ளியது, மீன்குஞ்சு துள்ளுவது மாதிரி. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"கீபோர்டுதான் சரியில்லன்னு நெனச்சேன்," என்றான் அவன்.

டீ ஆறிப்போயிற்று.

நரம்பு மருத்துவர் ஊசி குத்தி, மின்சாரம் பாய்ச்சி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தசைகளுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்றார். தொட்டால் தெரியும், வலி தெரியும், புத்தியில் ஒரு குறையும் வராது, அசைவு மட்டும் போகும். வலது கையில் தொடங்கியிருக்கிறது, அங்கேயே நிற்காது.

"மருந்து?" என்று அவள் கேட்டாள்.

"கொஞ்சம் மெதுவாக்கும்," என்றார் மருத்துவர்.

வெளியே வந்து படியில் நின்றார்கள். அவன்தான் முதலில் பேசினான். "இன்னொரு கை இருக்குல்ல."

அடுத்த வாரம் தனி எண்பலகை ஒன்றை வாங்கி வந்து இடது பக்கம் வைத்துக்கொண்டான். இடது கைக்கு எல்லாம் தலைகீழ். நடுவிரல் மட்டும் அதே ஐந்தில் நிற்கும். ஆள்காட்டி விரல் இப்போது ஆறில், மோதிர விரல் நான்கில். சுண்டு விரலுக்குப் பூஜ்யம், கட்டை விரலுக்கு என்டர். மூளை பழைய பாட்டையே பாடியது. நான்கு என்றதும் ஆள்காட்டி விரல் துடிக்கும், ஆறு விழும். ஒன்று மூன்றாகும், ஏழு ஒன்பதாகும்.

"கண்ணாடி பார்த்து மீசை வெட்டுற மாதிரி இருக்கு," என்றான்.

அவள் இன்னொரு எண்பலகை வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளும் இடது கையால் அடிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு எதுக்கு? உன் கை நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க மட்டும் தப்புத்தப்பா அடிச்சா நல்லா இருக்காது. ரெண்டு பேரும் சேர்ந்து தப்பு பண்ணுவோம்."

இருவரும் பாலபாடத்திலிருந்து தொடங்கினார்கள். நான்கு ஐந்து ஆறு, ஆறு ஐந்து நான்கு. பிறகு ஏழு நான்கு ஒன்று. கீழே பார்க்கக்கூடாது என்று கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டார்கள். அவன் பழைய வேகத்தைத் தேடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒரே நிதானத்தில் வைத்தான். நாளாக ஆக இடது கைக்கு வழி பழகியது. மேனேஜரம்மா ஒரு நாள் முழுக்கப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கவுண்டரிலேயே இருக்கச் சொன்னார். வரிசை முன்பைவிட மெதுவாக நகர்ந்தது. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சு என்று அவனே சொல்லிச் சிரித்தான். வருகிறவர்கள் யாரும் பக்கத்துக் கவுண்டருக்கு மாறவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் வருகிறவரை காத்திருந்து, அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்து, "நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் என்டர் தட்டினான்.

அடுத்த கோடையில் இடது கட்டை விரல் போயிற்று. பிறகு மற்றவையும் தளரத் தொடங்கின.

ஒருநாள் காலையில் ஒரு பூக்கடைக்காரம்மா சீட்டை நீட்டினார். அவன் கணக்கு எண்ணை அடித்தான். திரையில் ஓர் ஆண் பெயர் வந்தது. அழித்து மறுபடி அடித்தான். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. மூன்றாம் முறை விரல் ஐந்தின் மேட்டைத் தொட்டது, தொட்டது தெரிந்தது, அங்கிருந்து நகரவில்லை.

"என்னப்பா, மெஷின் வேலை செய்யலையா?" என்றார் அந்த அம்மா.

"மெஷின் நல்லா இருக்கும்மா," என்றான். "நீங்க பக்கத்துக் கவுண்டருக்குப் போங்க."

யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே கவுண்டர் மூடியிருக்கிறது என்ற பலகையை மணிக்கட்டால் தள்ளி முன்னே வைத்தான். பிறகு சில காலம் விசாரணை மேஜையில் இருந்தான். எந்தப் படிவம், எந்தக் கவுண்டர் என்று வருகிறவர்களுக்கு வழி சொன்னான். பேச்சு குழறத் தொடங்கியதும் அதுவும் நின்றது.

அவனைத் தனியாக விட முடியாமல் போனபோது, மருந்துக் கடை முதலாளி பில் வேலையை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவள் மேஜையைப் போட்டுக்கொண்டாள். அவள் அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி அவன் தூங்குவான். அவள் நிறுத்தினால் கண்ணைத் திறப்பான். சில நேரம் எதிலோ தயங்கி, ஒரு எண்ணுக்கு நின்று போய்விடுவாள். அப்போது அவன் கண்ணோரம் சுருங்கும். சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி சரி, நடக்கிறேன்," என்பாள். "பறக்கல."

குளிர் தொடங்கிய ஒரு காலையில் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். கட்டு முடிந்து நிறுத்தினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்திப் பார்த்தாள். பிறகு எழுந்து அவன் மார்பில் காதை வைத்தாள்.

சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அவள் கடைக்குப் போனாள். முதலாளி, "இன்னும் பத்து நாள் ஆகட்டுமேம்மா," என்றார். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். அவள் இடத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்தாள். ஒரு மருந்துக்கடைக்காரர் பெரிய சீட்டை நீட்டினார். நடுவிரல் ஐந்தைத் தேடிப் போய் நின்றது.

கண் சீட்டின் மேல் இருந்தது, ஆனால் தண்ணீர் நிறைந்து எழுத்து மங்கியது. துடைத்துக்கொண்டாள், மறுபடி நிறைந்தது. கடைக்காரர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் நிற்கவில்லை. மூன்று, ஆறு, ஒன்பது, புள்ளி, என்டர். ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தன. பில் அச்சாகி வந்தது. உதவியாளர் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்குக்கா," என்றார்.

அவளுக்குத் தன் கை மேல் ஆத்திரமாக வந்தது. இன்றைக்குமா? ஒரு எண்ணாவது தப்பியிருக்கக் கூடாதா?

அடுத்தவர் சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.