சீல் உடையாத பெட்டி

காகிதத்தில் ஒரு வரியைச் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருந்தார்கள்.

‘பூச்சி. பயன்படுத்துபவர் வீட்டிலிருந்து வந்தது. கேரண்டியில் அடங்காது.’

லிஃப்ட் மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தான். காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு. தட்டில் அவனுடைய கேம் கன்சோலிலிருந்து உதிர்ந்த சாட்சி. பாதிக் கரப்பான் பூச்சி. உடம்புதான் பாதி, மீசை முழுசாக இருந்தது.

“இது எப்படி வெளிய வந்துச்சு?”

“காத்து போற ஓட்டையைக் கவுத்துத் தட்டினோம் சார், விழுந்துடுச்சு,” என்றாள் சர்வீஸ் கவுன்டர் பெண். தட்டைப் பார்க்காமல் பேசினாள். “பூச்சி, தண்ணி, கீழ போட்டது, இது மூணும் கவர் ஆகாது.”

“உள்ள திறந்து பார்த்தீங்களா?”

“பூச்சி விழுந்தா அதுக்கு மேல திறக்க மாட்டோம் சார். அதுதான் ரூல்.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தான். பூச்சி அவனுக்குப் பெரிசில்லை. பத்து வருடமாக லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன். செத்த எலி பக்கத்தில் உட்கார்ந்தே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன். உறுத்தியது அந்தச் சிவப்புக் கட்டம்தான்.

காரணம், அதன் நகல் நேற்றே அவளுக்குப் போய்விட்டது. அவள் என்றால், அவனை விவாகரத்து செய்தவள். நான்கு மாதத்துக்கு முன் கன்சோல் வாங்கும்போது, பழைய குடும்ப ஆன்லைன் கணக்கிலேயே ஆர்டர் போட்டுத் தொலைத்தான். கணக்கில் இன்னும் அவள் மெயில். நேற்று மாலையே போன் வந்தது.

“கரப்பான் குடித்தனம் பண்ற வீட்டுல என் பொண்ணு தங்க வேணாம்.”

“என் வீட்டுல எறும்பு கூட இல்ல.”

“கம்பெனிக்காரன் அப்படி எழுதலையே. சனிக்கிழமை அனுப்ப மாட்டேன். இது சரியாகுற வரைக்கும் எந்தச் சனிக்கிழமையும் இல்ல.”

பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை. மகளோடு அவனுக்கு மிச்சம் இருந்தது அதுதான். இன்று வியாழன்.

அந்தக் கன்சோலே மகளுக்காக வாங்கியதுதான். புதுசுக்குக் கை எட்டவில்லை. தெருமுனைக் கடையில் பழசு இன்னும் மலிவாகக் கிடைத்தது. ஆனால் பழுதானால் போய்க் கேட்க ஆள் இருக்காது. அதனால்தான் ‘சான்றளிக்கப்பட்ட ரிஃபர்பிஷ்டு’. திரும்பி வந்த பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து, சீல் ஒட்டித் தருவதாகச் சத்தியம். கூடவே ஒரு வருட கேரண்டி.

கேரண்டிச் சீட்டை லிஃப்ட் வரைபடம் படிப்பது போல வரி விடாமல் படித்திருந்தான். பவர், போர்டு, ஃபேன், டிஸ்க் டிரைவ் தானாகப் பழுதானால் அவர்கள் பொறுப்பு. முதலில் ரிப்பேர். முடியாவிட்டால் அதே மாடலில் வேறு ரிஃபர்பிஷ்டு பெட்டி. புதுசு கிடையாது. பணம் வாபஸ் முதல் முப்பது நாளுக்கு மட்டும். கன்ட்ரோலருக்கு மூன்று மாதம். வெளி ஆள் கை வைத்துச் சீல் கிழிந்தால் எல்லாம் போச்சு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். போன தடவை மகளும் அவனும் பந்தயக் காரை எடுத்த பத்தாவது நிமிஷம் ஃபேன் விமானம் போல் அலறியது. முடி கருகுகிற நாற்றம். திரை இருண்டது. “அப்பா, ஸ்க்ரூ டிரைவரை எடு” என்றாள் மகள். ஊரில் உள்ள எல்லாவற்றையும் கழற்றுகிறவன், அன்று மட்டும் கழற்றவில்லை.

“மேடம், இந்தச் சீல் உங்களோடதுதானே?”

கவுன்டர் பெண் பெட்டியைத் திருப்பினாள். “எங்களோடதுதான்.”

“கிழிஞ்சிருக்கா?”

“இல்ல.”

“அப்போ என் கண் முன்னால திறங்க.”

“மேனேஜர்கிட்டதான் கேக்கணும்.”

மேனேஜர் டீயோடு வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, முகத்தில் ஒரே சிரிப்பு. “சார், பூச்சிக்குச் சூடு பிடிக்கும். உங்க வீட்டுலேர்ந்து நாலு மாசத்துல ஏறியிருக்கும். நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கிறதுதானே? இதுல வெக்கப்பட என்ன இருக்கு?”

“வெக்கம் எனக்கு வேணாம் சார். நீங்களே வெச்சுக்குங்க. திறங்க.”

வரிசையில் நின்ற நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜரின் சிரிப்பு ஒரு பேனா அளவுக்குக் குறைந்தது. “திறம்மா. அவரே பார்த்துக்கட்டும்.”

சீல் உரிந்தது. மேல் மூடி கழன்றது.

நாற்றம் முதலில் வந்தது. ஊறிப்போன அட்டைப்பெட்டியும் கெட்ட எண்ணெயும் கலந்த நாற்றம். வரிசை ஓரடி பின்னால் போனது. பவர் யூனிட்டின் மூலையில் கறுப்பு மிளகுத்தூள் போல் எச்சம். ஃபேனுக்குப் பின்னால் காலி முட்டைக்கூடு, காய்ந்த இறக்கைகள்.

“பார்த்தீங்களா?” என்றார் மேனேஜர், மூக்கைப் பொத்தியபடி. “குடும்பமே இருக்கு.”

“இருக்கு. போர்டு மேல இருக்கிற தகட்டையும் கழட்டச் சொல்லுங்க.”

“அது எதுக்கு?”

“சூடான சிப் அங்கதானே இருக்கு. கருகின நாத்தம் அங்கேர்ந்துதான் வரணும்.”

பதினோரு ஸ்க்ரூ. கவுன்டர் பெண் ஒவ்வொன்றாக எடுத்தாள். சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்த, இடையில் மெத்தை போல் சின்னச் சின்ன பேடுகள் வைத்திருப்பார்கள். சுத்தம் செய்யும்போது மாற்றியாக வேண்டிய பாகம் அது. மாற்றித்தான் இருந்தார்கள். புதுசாக, நீலமாக இருந்தது.

அவள் இடுக்கியால் ஒரு பேடை உரித்தாள். கை நின்றது.

பேடுக்கும் சிப்புக்கும் நடுவில், புத்தகத்துக்குள் வைத்த இலை போல, ஒரு கரப்பான் பூச்சி. ஆறு கால்களும் நாலா பக்கமும் விரிய, அப்பளமாக நசுங்கி, நடுவில் கருகியிருந்தது. அதன் முதுகில் நீல பேடின் பிசின்.

யாரோ ‘உவ்வே’ என்றார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் நிதானமாகக் கேட்டான். “பதினோரு ஸ்க்ரூ போட்டு இறுக்கின தகட்டுக்குள்ள, ஒட்டின பேடுக்கு அடியில, இது எப்படி சார் போகும்? என் வீட்டுலேர்ந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போச்சா?”

மேனேஜர் டீயைக் கீழே வைத்தார்.

“பேடு ஒட்டின ஆள் பூச்சி மேலயே ஒட்டியிருக்கான்,” என்றாள் கவுன்டர் பெண், மெல்ல. “துடைக்கவே இல்ல சார். அதான் சூடு இறங்காம ஆஃப் ஆகியிருக்கு. கேஸ் கட்டாயம் கவர் ஆகும்.”

மேனேஜரின் சிரிப்பு சட்டென்று திரும்பி வந்தது. “சரி சார், விடுங்க. வேற பெட்டி இப்பவே தர்றேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

படிவத்தில், ‘நல்லெண்ண அடிப்படையில் மாற்றித் தரப்பட்டது’ என்று இருந்தது. சிவப்புக் கட்டத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

“உங்க நல்லெண்ணம் யாருக்கு வேணும்? பெட்டியை அப்புறம் பார்க்கலாம். ‘வீட்டிலிருந்து வந்தது’ன்னு போட்டீங்களே, முதல்ல அதை மாத்துங்க. பழைய சீட்டு போன அதே மெயிலுக்குப் போகணும்.”

“அதெல்லாம் சிஸ்டத்துல மாத்த முடியாது சார்.”

“முடியும் சார்,” என்றாள் கவுன்டர் பெண். அவர் திரும்பி முறைத்தார். அவள் அதற்குள் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள். ‘சீல் உடையவில்லை. பூச்சி, தெர்மல் பேடுக்கு அடியில். விற்பனைக்கு முன்பே இருந்தது.’ படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

மாற்றுப் பெட்டியையும் தன் முன்னால் திறந்து காட்டிப் புதுச் சீல் ஒட்டச் சொன்னான். சுத்தமாக இருந்தது. அப்படியும் பஸ்ஸில் அதை மடியில் வைக்க மனம் வரவில்லை. காலடியில் வைத்தான்.

இரவு ஏழு மணிக்கு மெசேஜ் வந்தது. ‘பார்த்தேன். சனிக்கிழமை வருவா.’ அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் எந்த கேரண்டியிலும் கவர் ஆகாது போலும்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கன்சோல் பக்கம் போகவில்லை. பையிலிருந்து சின்ன டார்ச் லைட்டை எடுத்து, மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் அடித்துப் பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் பின்னால். பிறகு சிங்க்குக்குக் கீழே.

“என்னம்மா தேடற?”

“அம்மா பார்க்கச் சொன்னாங்கப்பா.” எழுந்து முழங்காலைத் தட்டினாள். “ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்.”

அவன் தலையாட்டினான். கன்ட்ரோலரை அவளிடம் நீட்டினான்.

வாங்குவதற்கு முன் அவள் அதை ஒரு தடவை மோந்து பார்த்தாள்.